நன்கொடை கொடுத்தாயிற்று, தாள்கள் சரியில்லை: 80ஜி ரசீதும் பயன்பாட்டு உறுதிக் கடிதமும்

அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பிய பிறகு கொடையாளர் கையில் இருக்க வேண்டிய தாள்கள் மூன்று. முதலாவது, பணம் வந்ததும் அவர்கள் போட்டுத் தரும் ரசீது. இரண்டாவது, நிதியாண்டு முடிந்த பிறகு வருமான வரித் தளத்திலிருந்து இறக்கித் தரும் 10பிஇ சான்றிதழ். மூன்றாவது, இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவோம் என்று அவர்கள் எழுதித் தரும் கடிதம். முதல் இரண்டும் சட்டத்தின்படி வருபவை. மூன்றாவதைத் தனிக் கொடையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது உண்டு. அதனால் பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கீழே வருபவை, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவுக்கானவை. 2026 மார்ச் 31 வரை கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சட்டம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் கொடுப்பதற்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதில் 80ஜியின் இடத்தை 133-ஆம் பிரிவு பிடிக்கிறது. எண்கள் மாறினாலும் அறக்கட்டளையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சம்பளக்காரர் ஒருவர் 2024 நவம்பர் 14 அன்று ஓர் அறக்கட்டளைக்கு ரூ. 60,000 கொடுக்கிறார். அவர்கள் நடத்தும் மாலைநேரப் பள்ளிக்கு மேசைகள் வாங்க என்று சொல்லிக் கொடுத்த பணம். அறக்கட்டளையின் இணையதளத்தில் இருந்த கட்டண வாசல் வழியாகச் செலுத்தினார்.

அறிகுறி: ரசீது இருக்கிறது, 10பிஇ வரவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். "80ஜி ரசீது நவம்பரிலேயே அனுப்பிவிட்டோமே" என்று அலுவலகத்தில் பதில் வரும். அவர்கள் அனுப்பியது வெறும் ரசீது. அதில் 80ஜி எண் அச்சாகியிருப்பதால் மட்டும் வரிக்கழிவு கிடைத்துவிடாது.

2021-22 நிதியாண்டிலிருந்து நடைமுறை மாறிவிட்டது. அறக்கட்டளை, அந்த ஆண்டில் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை 10பிடி என்ற படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கெடு, நிதியாண்டு முடிந்தபின் வரும் மே 31. தாக்கல் செய்த பிறகு ஒவ்வொரு கொடையாளருக்கும் தளமே ஒரு சான்றிதழை உருவாக்கித் தரும். திரையில் அதன் பெயர் `Form 10BE`. அறக்கட்டளை அதை இறக்கி, கையெழுத்திட்டு, அதே மே 31-க்குள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் கழிவைத் துறை அனுமதிப்பது இந்தப் பட்டியலில் உள்ள தகவலை வைத்துத்தான். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் கையில் இருக்கும் அழகான ரசீது உதவாது.

ஆகவே 10பிஇ வராததற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் தேதியைப் பாருங்கள். நவம்பரில் கொடுத்துவிட்டு ஜனவரியில் 10பிஇ கேட்டால் யாராலும் தர முடியாது. பட்டியல் தாக்கலாகும் வரை அந்தச் சான்றிதழே உருவாகாது. மே 31 தாண்டியும் வரவில்லையென்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: அவர்கள் 10பிடி தாக்கலே செய்யவில்லை, அல்லது தாக்கல் செய்தும் உங்கள் பெயரை விட்டுவிட்டார்கள், அல்லது எல்லாம் செய்தும் சான்றிதழை இறக்கி அனுப்பவில்லை.

எது என்று அறிய ஒரே கேள்வி போதும்: "10பிடி தாக்கல் செய்த தேதி என்ன, அதில் என் பான் இருக்கிறதா?" பெயர் விடுபட்டதற்கு வழக்கமான காரணம் பான் எண் கொடுக்காததுதான். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் கட்டாயம். யூபிஐ வழியாக வந்த பணத்தில் பெயரும் கைபேசி எண்ணும்தான் தெரியும், பான் தெரியாது. மே மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகம் அவசரத்தில் இருக்கும்போது அடையாளம் இல்லாத வரிகளைத் தள்ளிவிட்டுத் தாக்கல் செய்துவிடுவார்கள். ஆதாரையும் அடையாளமாக ஏற்கிறது படிவம். ஆனாலும் உங்கள் வரிக் கணக்கு ஓடுவது பானில், ஆகவே பானையே கொடுங்கள்.

விடுபட்டிருந்தால் அவர்கள் இன்னொரு 10பிடி தாக்கல் செய்யலாம். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு ரூ. 200 தாமதக் கட்டணம், 234ஜி பிரிவின்படி. தொகை சிறியதாகத் தெரிந்தாலும் இதற்கு அஞ்சித்தான் பலர் "அடுத்த வருடம் சேர்த்துவிடுகிறோம்" என்று சமாதானம் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் கொடுத்த ஆண்டு வேறு, பட்டியலில் உள்ள ஆண்டு வேறு என்றானால் இரண்டு ஆண்டிலும் கழிவு சிக்கும். தாக்கல் செய்து ஒரு நாள் கழித்து, சான்றிதழ் இறக்கத் தயாராகிவிடும்.

மூன்றாவது காரணம் எளிதானது. தளத்தில் சான்றிதழ் தயாராக இருக்கும், யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்.

அறிகுறி: 10பிஇ வந்தது, தொகை குறைவாக இருக்கிறது

நம் கொடையாளர் கொடுத்தது ரூ. 60,000. ரசீதிலும் அதுவே. ஆனால் மே மாதம் வந்த சான்றிதழில் ரூ. 58,584 என்றிருக்கிறது. வித்தியாசம் ரூ. 1,416.

இப்படிச் சில்லறையான ஒரு வித்தியாசம் வந்தாலே கட்டண வாசலின் தரகைத்தான் சந்தேகப்பட வேண்டும். தரகு 2 சதவீதம் என்றால் ரூ. 1,200. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 216. இரண்டையும் கழித்துக்கொண்டு மீதியை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறது வாசல். ரசீதை இணையதள மென்பொருள் தானாகவே முழுத் தொகைக்குப் போட்டுவிட்டது. 10பிடி பட்டியலைத் தயாரித்தவரோ வங்கிப் பதிவைப் பார்த்து எழுதிவிட்டார். இரண்டும் இரு வேறு மேசைகளில் நடந்தவை.

அறக்கட்டளைக்கு நீங்கள் கொடுத்தது 60,000-தான். தரகு அவர்களுடைய செலவு. அவர்கள் கணக்கில் 60,000-ஐ வரவாகவும் 1,416-ஐச் செலவாகவும் எழுதி, திருத்திய 10பிடி தாக்கல் செய்து, புதிய 10பிஇ தர வேண்டும். கேட்கும்போது உங்கள் வங்கிப் பதிவில் 60,000 பற்று விழுந்த வரியையும் கட்டண வாசலின் பரிவர்த்தனை எண்ணையும் இணைத்து அனுப்புங்கள். "தொகை தப்பு" என்று மட்டும் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். "தரகு ரூ. 1,416 கழிந்த தொகை பதிவாகியிருக்கிறது" என்று எழுதினால் அவர்கள் ஆடிட்டருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

திருத்தம் வருவதற்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால் சான்றிதழில் உள்ள குறைந்த தொகைக்கே கழிவு கேட்டுவிடுவது நல்லது. பின்னால் திருத்திய சான்றிதழ் வந்ததும், திருத்திய கணக்குக்கான கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இந்த 1,416-க்குக் கிடைக்கும் கழிவு 708 ரூபாய்தான், அதற்கு 20 சதவீத வரி என்றால் மிச்சம் நூற்றைம்பது ரூபாய்க்கும் கீழே. அதற்காகச் சண்டை வேண்டாம் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ரசீதில் உள்ள பெரிய தொகையைப் போட்டுவிட்டுத் துறையின் கடிதத்துக்குக் காத்திருப்பதுதான் வீண் வேலை.

அறிகுறி: பெயரோ பானோ வேறு யாருடையதோ

அப்பாவின் நினைவாக மகள் கொடுத்த பணத்துக்கு அப்பாவின் பெயரில் ரசீது. கணவர் கணக்கிலிருந்து போன பணத்துக்கு மனைவியின் பானில் சான்றிதழ். இவை இரண்டும் அடிக்கடி நடப்பவை. கழிவு, பணம் யாருடையதோ அவருக்கே. நினைவுக் கொடை என்றால் "இன்னார் நினைவாக" என்று ரசீதில் ஒரு வரி சேர்க்கலாம், கொடையாளர் பெயர் பணம் கொடுத்தவருடையதாக இருக்க வேண்டும். 10பிஇயில் தவறு என்றால் இதற்கும் திருத்திய 10பிடிதான் வழி. வெள்ளைத்தாளில் "தவறாக அச்சாகிவிட்டது" என்று எழுதி முத்திரை குத்தித் தரும் கடிதம் துறையின் பதிவை மாற்றாது.

அறக்கட்டளையின் பானையும் ஒரு முறை பாருங்கள். பானின் நான்காவது எழுத்து வைத்திருப்பவர் யார் என்று சொல்லிவிடும். அறக்கட்டளை என்றால் `T`, நிறுவனம் என்றால் `C`, தனிநபர் என்றால் `P`. ரசீதில் உள்ள பானின் நான்காவது எழுத்து `P` என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த பான். அதற்கு மேல் அந்த ரசீதில் படிக்க ஒன்றுமில்லை.

அறிகுறி: 80ஜி ஆணையைக் கேட்டால் ஏதோ ஒரு நகல் வருகிறது

பதிவு பெற்ற அறக்கட்டளைகளிடம் வழக்கமாக இரண்டு ஆணைகள் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் 10ஏசி என்ற ஒரே படிவத்தில், ஒரே தோற்றத்தில் இருக்கும். ஒன்று 12ஏ பிரிவுக்கானது. அது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி இல்லை என்பதற்கு. உங்கள் கழிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மற்றொன்று 80ஜிக்கானது. கெட்ட எண்ணம் இல்லாமலே முதலாவதை அனுப்பிவிடுவார்கள்.

நகலில் மூன்று வரிகளைப் படித்தால் போதும். எந்தப் பிரிவின் கீழ் என்ற வரியில் `section 80G` என்று இருக்க வேண்டும். `section 12A` என்றிருந்தால் தவறான தாள். அதற்கு அருகில் 16 எழுத்தும் எண்ணும் கலந்த பதிவு எண் இருக்கும். ரசீதில் அச்சாகியுள்ள 80ஜி எண் அதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய ரசீதுப் புத்தகம் தீராததால் 2021-க்கு முந்தைய ஆணை எண்ணோடு ரசீது போடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மூன்றாவது, எந்த மதிப்பீட்டு ஆண்டு முதல் எது வரை என்ற வரி.

அந்த மூன்றாவது வரியில்தான் தடுமாறுவார்கள். மதிப்பீட்டு ஆண்டு என்பது பணம் கொடுத்த நிதியாண்டுக்கு அடுத்தது. 2022-23 முதல் 2026-27 வரை என்று ஆணையில் இருந்தால், 2021 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை கொடுத்த பணத்துக்கு அது செல்லும். 2021-இல் பழைய அறக்கட்டளைகள் எல்லாம் புதிதாகப் பதிந்தபோது ஐந்தாண்டுக்கு வாங்கிய ஆணைகள் இப்படித்தான் முடிகின்றன. அதன் பிறகு கொடுப்பதாக இருந்தால் புதுப்பித்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால் ஆணை வந்தபின் பணம் அனுப்புவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆணை தற்காலிகமானது என்று தெரிந்து பின்வாங்க வேண்டியதில்லை. புதிய அறக்கட்டளைக்கு முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிக அனுமதிதான் கிடைக்கும். அது நடப்பில் இருக்கும்வரை உங்கள் கழிவு முழுமையானதே.

அறிகுறி: மேசைக்குக் கொடுத்த பணத்துக்கு "மூலநிதி" என்று ரசீது

இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். கவனிக்க வேண்டிய சொல்லும் இதுதான். மூலநிதி, அதாவது ஆடிட்டர்கள் கார்ப்பஸ் என்பது, செலவழிக்காமல் முதலாக வைத்திருக்க வேண்டிய பணம். சட்டம் அனுமதித்த இனங்களில் முதலீடு செய்து, வரும் வட்டியைத்தான் செலவிடுவார்கள்.

அறக்கட்டளைகள் இதை விரும்புவதற்குக் கணக்கில் காரணம் இருக்கிறது. சாதாரண நன்கொடையில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே அறப்பணியில் செலவிட வேண்டும், முடியாவிட்டால் படிவம் போட்டு நோக்கம் சொல்லிச் சேர்த்து வைக்க வேண்டும். மூலநிதிக்கு அந்த 85 சதவீதக் கட்டாயம் இல்லை. ஆண்டுக் கடைசியில் பணம் மிஞ்சியிருக்கும் அறக்கட்டளைக்கு அது பெரிய வசதி. அதனால் சிலர் ரசீதுப் புத்தகத்திலேயே "மூலநிதிக்காகப் பெறப்பட்டது" என்று அச்சடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் 11(1)(டி) பிரிவு கேட்பது, கொடையாளரே "இது மூலநிதிக்கு" என்று குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை. அச்சடித்த ரசீது அந்தச் சொல்லை உங்கள் வாயில் திணிக்கிறது.

உங்கள் வரிக்கழிவு இதனால் குறையாது. குறைவது பள்ளிக்கு வர வேண்டிய மேசை. அந்த 60,000 வைப்புநிதியில் போய் உட்கார்ந்துவிட்டால், அதை எடுத்து மேசை வாங்கினாலும் அந்தச் செலவு அவர்கள் கணக்கில் அந்த ஆண்டின் அறப்பணிச் செலவாகச் சேராது. முதலைத் திரும்ப நிரப்பிய பிறகே சேரும். எந்த ஆடிட்டரும் எடுக்காதே என்பார்.

தீர்வு, எழுத்தில் மறுப்பது. "நான் மூலநிதிக்கென்று எந்தக் குறிப்பும் தரவில்லை. இத்தொகை மாலைநேரப் பள்ளிக்கு மேசைகள் வாங்குவதற்கானது. ரசீதைத் திருத்தித் தரவும்" என்று அனுப்பினால் அந்தப் பணத்தை மூலநிதியாகக் காட்ட அவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் போய்விடும். மார்ச் 31-க்குள் அனுப்புவது முக்கியம், ஏனென்றால் 10பிடியிலும் நன்கொடையின் வகையைக் குறிக்க வேண்டும். அங்கே `Corpus`, `Specific grant`, `Others` என்று இருக்கும். குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்தால் இரண்டாவதைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் 10பிஇயிலும் அதே வகைதான் அச்சாகி வரும். பயன்பாட்டுக் கடிதம் ஒன்று சொல்லி, சான்றிதழ் வேறு சொன்னால், பின்னாளில் கேள்வி எழும்போது துறைக்குச் சென்ற சான்றிதழைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

அறிகுறி: உறுதிக் கடிதம் வந்தது, அதில் ஒன்றும் இல்லை

"தங்கள் நன்கொடை எங்கள் அறப்பணிகளுக்குப் பயன்படுத்தப்படும் என்று உறுதியளிக்கிறோம்." முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. இந்த வாக்கியத்தை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. அலுவலக வாடகைக்குப் போனாலும் அது அறப்பணிதான்.

கடிதம் வெறுமையாக வருவதற்குப் பெரும்பாலும் கேள்வி வெறுமையாக இருந்ததே காரணம். "எப்படிப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும். நீங்களே நோக்கத்தை எழுதி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். நம் கொடையாளர் பணம் அனுப்பும் முன் எழுதியிருக்க வேண்டிய கடிதம் ஏறத்தாழ இப்படி:

> மதிப்பிற்குரிய நிர்வாக அறங்காவலர் ஐயா அவர்களுக்கு,
>
> வணக்கம். தங்கள் மாலைநேரப் பள்ளிக்கு மேசைகள் வாங்குவதற்காக ரூ. 60,000 (அறுபதாயிரம்) நன்கொடை அளிக்க விரும்புகிறேன். இத்தொகை மூலநிதிக்கானது அன்று. கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் எழுத்துமூலம் உறுதிசெய்தால் தொகையை அனுப்பிவைக்கிறேன்.
>
> மேசைகள் எந்தத் தேதிக்குள் வாங்கப்படும். தொகை மிஞ்சினால் பள்ளியின் வேறு எந்தத் தேவைக்குச் செல்லும். போதாவிட்டால் மீதி எங்கிருந்து வரும். நிர்வாகச் செலவுக்கு இதிலிருந்து எடுப்பதாக இருந்தால் எவ்வளவு. வாங்கியபின் விலைப்பட்டியலின் நகல் எந்த மாதம் கிடைக்கும்.
>
> 10பிடி பட்டியலில் சேர்ப்பதற்காக என் பெயர், முகவரி, பான் எண்ணை இணைத்துள்ளேன். 80ஜி ஆணையின் நகலையும் அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

இதற்கு வரும் பதிலில் மேற்படி கேள்விகளில் எதை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தேதி தர மறுப்பது பெரும்பாலும் நேர்மையான தயக்கம்தான். மற்ற கொடையாளர்களின் பணமும் சேர்ந்த பிறகே வாங்க முடியும் என்று இருக்கலாம். "பள்ளி திறக்கும் ஜூனுக்குள்" என்பது போதுமான பதில். ஆனால் மேசை வாங்குவது அடுத்த நிதியாண்டுக்குப் போகும் என்றால், அந்தப் பணத்தை அவர்கள் கணக்கில் எப்படி வைத்திருப்பார்கள் என்று ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முன்னால் சொன்ன 85 சதவீதக் கணக்கு அவர்களை நெருக்கும்போதுதான் மேசைப் பணம் மூலநிதியாக உருமாறும்.

மிச்சத் தொகையைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். மேசை எதிர்பார்த்ததைவிட மலிவாகக் கிடைத்து ரூ. 9,000 மிஞ்சினால் அது யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் எழும். முன்பே "நாற்காலிக்கு" என்று எழுதியிருந்தால் கேள்வியே இல்லை. நிர்வாகச் செலவும் அப்படியே. பத்து சதவீதம் எடுப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லும் அறக்கட்டளை, ஒரு காசும் எடுக்க மாட்டோம் என்று சொல்வதைவிட நம்பத்தக்கது என்பது என் கருத்து. காவலாளிக்கும் கணக்கருக்கும் யாரோ சம்பளம் தந்துதானே ஆக வேண்டும்?

கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். களப்பணியாளர் வாட்ஸப்பில் அனுப்பும் "கண்டிப்பா சார், மேசைக்குத்தான்" என்பது அறக்கட்டளையைக் கட்டுப்படுத்துமா என்பது சந்தேகம். நிர்வாக அறங்காவலரோ செயலாளரோ, அறக்கட்டளையின் தலைப்புத்தாளில், தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பணம் போனபின் யூடிஆர் எண்ணையோ பரிவர்த்தனை எண்ணையோ குறிப்பிட்டு அதே கடிதத்தை அவர்களுக்குத் திரும்ப அனுப்பிவிட்டால், கடிதமும் பணமும் ஒரே கோப்பில் இணைந்துவிடும்.

பின்னர் பயன்பாட்டுச் சான்று கேட்கும்போது அளவறிந்து கேளுங்கள். அறுபதாயிரத்துக்கு மேசை வாங்கிய விலைப்பட்டியலின் நகலும் அறக்கட்டளையின் ஒரு கடிதமும் போதும். பட்டியல் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா, தேதி உங்கள் பணம் சென்றதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். ஆடிட்டர் சான்றளித்த பயன்பாட்டு அறிக்கை வேண்டுமென்றால் அதற்கு ஆடிட்டருக்குக் கட்டணம் உண்டு. லட்சக்கணக்கில் கொடுக்கும்போது அதைக் கேட்கலாம். ஒரே பட்டியலை நான்கு கொடையாளருக்குக் காட்டுவது நடக்கிற சங்கதி. பட்டியல் நகலின் மேல் "இன்னாரின் நன்கொடை ரூ. 60,000-இலிருந்து" என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டால் அதே நகலை மற்றவருக்கு நீட்டத் தயங்குவார்கள்.

அறிகுறி: "இந்த மாணவிக்கு" என்றால் மறுக்கிறார்கள்

பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னால், நல்ல அறக்கட்டளை தயங்கும். அது சரியான தயக்கம். 80ஜி அனுமதி பொதுமக்கள் நலனுக்கானது. நீங்கள் காட்டும் ஒருவருக்கு உங்கள் பணத்தைக் கடத்திவிடுவது தனிப்பட்ட உதவி. அந்த மாணவி உங்கள் உறவுக்காரர் என்றால் பெரும் கொடையாளரின் உறவினருக்குப் பலன் போனது என்று அறக்கட்டளையின் விலக்குக்கே கேடு வரும். "இந்த வட்டாரத்தில் செவிலியர் படிப்பு படிக்கும் மாணவியருக்கு, உங்கள் தேர்வுமுறைப்படி" என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள். அந்த மாணவியும் விண்ணப்பிக்கட்டும்.

அறிகுறி: தாளெல்லாம் சரி, கழிவு மட்டும் விழவில்லை

இதில் அறக்கட்டளையைக் கேட்டுப் பயனில்லை. முதலில் உங்கள் வரிமுறையைப் பாருங்கள். புதிய வரிமுறையில் 80ஜி கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து எதையும் தேர்வு செய்யாதவருக்குப் புதிய முறைதான் தானாகப் பொருந்தும். பழைய முறை வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்து, கெடுவுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நன்கொடைக்காக முறையை மாற்றுவது பெரும்பாலும் நஷ்டத்தில் முடியும். மொத்த வரியையும் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ரொக்கம். ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை, முதல் இரண்டாயிரத்துக்குக்கூட. அரிசி மூட்டை, துணி, பழைய கணினி எதற்கும் கழிவு இல்லை. மேசைகளை நீங்களே வாங்கி இறக்கியிருந்தாலும் அதே கதைதான்.

கடைசியாக வரம்பு. சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதுவும் ஒரு வரம்புக்குள். மொத்த வருமானத்திலிருந்து 80சி போன்ற மற்றக் கழிவுகளையும், நீண்டகால மூலதன ஆதாயம் போன்ற சிலவற்றையும் நீக்கி வரும் தொகையில் 10 சதவீதம் அந்த வரம்பு. நம் கொடையாளருக்கு அப்படி வருவது ரூ. 7,50,000 என்று வைத்துக்கொண்டால் வரம்பு ரூ. 75,000. அவர் கொடுத்த 60,000 அதற்குள் அடங்குகிறது, கழிவு ரூ. 30,000. பழைய முறையில் 20 சதவீத வரி, 4 சதவீத மேல்வரி சேர்த்தால் மிச்சம் ரூ. 6,240. ஒரு லட்சம் கொடுத்திருந்தால் 75,000-க்கு மேல் உள்ளது கணக்கில் வராது, கழிவு 37,500-தான்.

கணக்கில் பதியும்போது 50 சதவீதமும் வரம்பும் உள்ள நன்கொடைக்கான அட்டவணை `D`. அதில் `ARN (Donation Reference Number)` என்ற கட்டம் கேட்பது 10பிஇயில் உள்ள எண்ணை. ரசீது எண்ணையோ ஆணையின் 16 எழுத்துப் பதிவு எண்ணையோ அங்கே போட்டால் பொருந்தாது.

அறிகுறி: பதிலே இல்லை

தொலைபேசியில் மூன்று முறை "நாளைக்கு" என்று கேட்டபின் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: கொடுத்த தேதி, தொகை, பரிவர்த்தனை எண், ரசீது எண், உங்கள் பான், 10பிஇ இன்னும் வரவில்லை என்ற வரி, 15 நாள் அவகாசம். 10பிடி தாக்கல் செய்யாவிட்டாலோ சான்றிதழ் தராவிட்டாலோ நாளொன்றுக்கு ரூ. 200 கட்டணம் தவிர, 271கே பிரிவின்படி ரூ. 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும் என்பதை ஒரு வரியில், மிரட்டல் தொனி இல்லாமல் குறிப்பிடலாம். நகலை அவர்கள் ஆடிட்டருக்கு அனுப்புவது எந்தக் கடிதத்தையும்விட வேகமாக வேலை செய்யும். ஆடிட்டர் பெயர் ஆண்டறிக்கையில் இருக்கும்.

அப்போதும் அசையவில்லையென்றால் வருமான வரித் தளத்தில் `Grievances` என்ற இடத்தில் பதியலாம், ரசீது நகலும் தபால் ஒப்புகையும் இணைத்து. இந்தப் புகார் 10பிஇக்கு மட்டும் செல்லும். மேசை வாங்காததைப் பற்றித் துறையிடம் எழுதினால் அது தன் வேலையில்லை என்று சொல்லிவிடும். அதற்கு உங்கள் கையில் இருப்பது கையெழுத்திட்ட உறுதிக் கடிதம். அதை முன்வைத்து அறங்காவலர் குழுவின் எல்லா உறுப்பினருக்கும் தனித்தனியே எழுதுங்கள், நிர்வாக அறங்காவலருக்கு மட்டும் அல்ல. மேசை வாங்கினார்களா என்று அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவராவது கேட்பார்.